கோமதியின் தவறு கதையில் எங்கே?

கேள்வி: சங்கரன்கோவிலில் நடப்பதாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கும் செண்பகத்திடம் ஏழாம் வகுப்பு கோமதி படிக்கிறாள்; கணக்கில் மிகவும் பின்தங்கியவள். பள்ளியில் கொடுத்த பின்னக் கணக்கு ஒர்க்‌ஷீட்டைப் படம் எடுத்து, இரவில் வாட்ஸ்அப்பில் அனுப்பி விடை கேட்கிறாள். செண்பகம் விடையைச் சொல்லாமல் குறிப்புகள் மட்டும் கொடுக்க, கடைசியில் அவளே போட்டுவிடுகிறாள். படித்த நண்பர்கள், "பாடம் நடத்துவது போல இருக்கிறது, நம்பவும் முடியவில்லை" என்கிறார்கள். கணக்கைக் குறைத்து உணர்ச்சியைக் கூட்டலாமா? நீங்கள் கணக்கு ஆசிரியராக இருந்தவர், கதைகளும் படிப்பவர் என்பதால் கேட்கிறேன். கதையை இணைத்திருக்கிறேன்.

பதில்: கணக்கைக் குறைக்க வேண்டாம். உங்கள் கதையில் கணக்கு அதிகமாக இருப்பதாக நண்பர்கள் நினைக்கலாம். நான் படித்தவரையில் அதில் கணக்கே இல்லை. ஒர்க்‌ஷீட்டில் எட்டுக் கணக்குகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டில் ஒன்றைக்கூட வாசகர் கண்ணால் பார்க்கவில்லை. கோமதிக்கு "ஒன்றுமே புரியவில்லை" என்கிறீர்கள், செண்பகம் "பொறுமையாக வழிகாட்டினார்" என்கிறீர்கள், மூன்றாம் பக்கத்தில் கோமதியின் கண்கள் மலர்ந்துவிடுகின்றன. நடுவில் கோமதி நோட்டில் என்ன போட்டாள் என்பது தெரியாததால்தான் நம்ப முடியவில்லை என்கிறார்கள்.

பின்தங்கிய மாணவி என்றால் நோட்டை வெறுமையாக வைத்திருப்பவள் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளும் உண்டு. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் எதையோ போட்டுத்தான் வைத்திருப்பார்கள். அந்த எதையோவுக்குப் பின்னால் அவர்களுக்கே உரிய ஒரு விதி இருக்கும். உங்கள் கதைக்கு வேண்டியது அந்த விதிதான். கோமதி செய்யும் தவறு என்ன, அது அவளுக்கு ஏன் சரியாகத் தோன்றுகிறது என்ற இரண்டும் உங்களுக்குத் தெரிந்துவிட்டால், செண்பகம் என்ன பேச வேண்டும் என்பது தானாக வந்துவிடும். ஒர்க்‌ஷீட்டிலிருந்து ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, நான்காவது கணக்கு இப்படி இருக்கட்டும்:

"ஒரு தொட்டியில் 3/4 பங்கு தண்ணீர் இருந்தது. அதிலிருந்து 30 லிட்டர் எடுத்த பின் 1/2 பங்கு தண்ணீர் இருந்தது. தொட்டியின் கொள்ளளவு என்ன?"

உங்கள் கதையில் கோமதி அனுப்பும் முதல் படத்தைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அங்கே இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். அப்பா விசைத்தறி ஷெட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் செல்போன் அவள் கைக்கு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டியூப்லைட்டுக்குக் கீழே தாளை வைத்து மேலிருந்து படம் பிடித்தால், செல்போனின் நிழலும் கையின் நிழலும் தாளின் நடுவில் விழும். மடித்துப் பையில் திணித்த தாள் என்பதால் ஓரம் சுருண்டு கடைசி வார்த்தைகள் மறையும். ஆனால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் இருப்பது பள்ளிக்கூடம் கேட்ட கேள்விதான். கோமதி அதில் எங்குமே இல்லை. நல்ல டியூஷன் டீச்சர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்க மாட்டார். "நீ போட்டுப் பார்த்த பக்கத்த அனுப்பு. அழிக்காம அனுப்பு" என்பதுதான் செண்பகத்தின் முதல் வாய்ஸ் மெசேஜாக இருக்க வேண்டும்.

"அழிக்காம" என்று அவர் சொல்வதற்குள் கோமதி அழித்திருப்பாள். அது நல்லதுதான். பென்சிலை அழுத்தி எழுதும் பிள்ளைகளின் நோட்டில் ரப்பர் போட்டாலும் தடம் போகாது. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது செண்பகத்துக்கு அந்தத் தடம் தெரியட்டும்:

3/4 − 1/2 = 2/2 = 1

அதன் கீழே, "1 = 30 லி. விடை 30 லி."

இந்த இரண்டு வரிகளை எத்தனை நோட்டுகளில் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மேலே உள்ளதிலிருந்து மேலே உள்ளதைக் கழித்தாயிற்று, மூன்றில் ஒன்று போக இரண்டு. கீழே உள்ளதிலிருந்து கீழே உள்ளதைக் கழித்தாயிற்று, நான்கில் இரண்டு போக இரண்டு. இரண்டின் கீழ் இரண்டு ஒன்று. ஒன்று என்றால் முழுசு. முழுசும் 30 லிட்டர் என்றால் தொட்டி 30 லிட்டர். தவறான முதல் படியை ஒப்புக்கொண்டால், பின்னால் வரும் எல்லாப் படிகளும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இந்த விதியை அவள் எங்கே கற்றாள் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தனி எண்களாகப் பார்ப்பதுதான் அடிப்படைக் காரணம். அதைப் பள்ளிக்கூடமே வேறொரு வழியில் பழக்கியும் விடுகிறது. முதல் டெஸ்டில் 15/20, அடுத்த டெஸ்டில் 18/25 வாங்கிய பிள்ளைக்கு மொத்தம் 33/45 என்று ரேங்க் கார்டில் போடுகிறோம். மதிப்பெண்ணுக்கு அது சரி, ஏனென்றால் அங்கே இருபதும் இருபத்தைந்தும் வெவ்வேறு முழுமைகள். அவை சேர்ந்து பெரிய முழுமை ஆகின்றன. தொட்டி ஒன்றுதான், அது சேர்ந்தும் பிரிந்தும் போகாது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டுவது அவள் கண்ணெதிரில் ஆண்டு முழுவதும் நடக்கிறது. மாடிச் சுவரில் செண்பகம் ஒட்டியிருக்கும் டெஸ்ட் மார்க் பட்டியலை உங்கள் கதையில் ஓரிடத்தில் வர்ணித்திருக்கிறீர்கள். அது இருக்கட்டும், விளக்கம் எதுவும் இல்லாமல் அங்கே 33/45 என்ற ஒரு வரி இருந்தால் போதும். கணக்குத் தெரிந்த வாசகர் பிடித்துக்கொள்வார்.

இனி குறிப்புகளுக்கு வருகிறேன். உங்கள் செண்பகம் கொடுக்கும் முதல் குறிப்பு, "பகுதி ரெண்டும் சமமா இருக்கான்னு பாரு." அடுத்தது, "அப்ப சமமாக்கணும்ல?" அதற்கடுத்தது, "1/2-ஐ மேலயும் கீழயும் ரெண்டால பெருக்கு." இந்த மூன்றாவது குறிப்பு வந்ததும் கோமதி பெருக்குகிறாள், விடை வந்துவிடுகிறது. விடை சொல்லப்படவில்லை என்பது பெயரளவில் உண்மைதான். ஆனால் கோமதி செய்த வேலை என்ன? ஒன்றையும் இரண்டையும் இரண்டால் பெருக்கியது மட்டும்தான். கணக்கைப் போட்டவர் செண்பகம்.

பிரெஞ்சுக் கணிதக் கல்வி ஆய்வாளர் கீ ப்ரூசோ இதற்கு ஒரு பெயர் வைத்தார். பெயர் எடுத்தது ஒரு நாடகத்திலிருந்து என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். மார்செல் பாஞோல் எழுதி 1928-இல் மேடையேறிய 'தொபாஸ்' நாடகத்தின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வதெழுதுதல் நடத்துகிறார். பிரெஞ்சில் ஒன்றா பலவா என்பதைக் காட்டும் கடைசி எழுத்தை எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். மாணவன் அதை விட்டுவிடுகிறான். ஆசிரியர் அந்த எழுத்தை மெல்ல உச்சரித்துக் காட்டுகிறார், பையனுக்கு உறைக்கவில்லை, மேலும் அழுத்துகிறார், கடைசியில் எழுத்தை எழுத்தாகவே ஒலித்துக் காட்டுகிறார். பையன் எழுதினாலும் அவனுக்குப் பன்மை தெரிந்ததாகாது, காதில் விழுந்ததை எழுதியதாகத்தான் ஆகும். நம் ஊரில் சொல்வதெழுதுதல் வைக்கும் தமிழய்யா, "பள்ளம்" என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாக்கை மடித்து ளகரத்தை இழுப்பாரே, அதேதான். குறிப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகி, கடைசியில் விடையாகவே ஆகிவிடுகிற இந்தப் போக்கைத்தான் ப்ரூசோ தொபாஸ் விளைவு என்றார். உங்கள் கதையின் நடுப்பகுதி முழுவதும் இதுதான் நடக்கிறது. ஆனால் கதை அதை வெற்றியாகக் காட்டுகிறது. வாசகருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் எங்கோ பொய் இருப்பது தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் செண்பகம் என்ன கேட்க வேண்டும்? கோமதியின் விடையைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லாமல், அந்த விடையை எடுத்துக்கொண்டு அவளைக் கேள்விக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இந்தக் கணக்குக்கு நான் எழுதினால் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும். உங்கள் ஊர்ப் பேச்சு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், மாற்றிக்கொள்ளுங்கள்.

"தொட்டி முப்பது லிட்டர்னு போட்டிருக்க. சரி, கடைசில பாதி தண்ணி மிச்சம் இருந்துச்சுல்லா, அது எத்தன லிட்டர்?"

"பதினஞ்சுக்கா."

"வெளிய எடுத்தது?"

"முப்பது."

"எடுத்த தண்ணியத் திரும்ப ஊத்திட்டா, தொட்டில எவ்வளவு இருக்கும்?"

"நாப்பத்தஞ்சு."

இதற்கு மேல் செண்பகம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. முப்பது லிட்டர் தொட்டியில் நாற்பத்தைந்து லிட்டர் தண்ணீர் என்பதை அவர் சொல்லிவிட்டால் மீண்டும் தொபாஸ்தான். இந்த இடத்தில் கதைக்கு மௌனம் வேண்டும், அதை வாட்ஸ்அப் உங்களுக்கு இலவசமாகவே தருகிறது. இரண்டு நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை. வகுப்பறையில் கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்றும் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் கண்டு எழுதினார். எதிரில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும்போது மூன்று விநாடி சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும். மாடியில் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் செண்பகம் வாயைத் திறந்திருப்பார். செல்போனில் அவரால் அடுப்பைப் பார்க்கப் போக முடியும். வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் செல்போன் வில்லனாக வரும். உங்கள் கதையில் அது அப்படி வராதது எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த இடத்தை இன்னும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கோமதி திரும்பி வரும்போது சரியான விடையோடு வரக் கூடாது. முரண்பாடு ஒன்றைக் காட்டினால் பிள்ளைக்குத் தன் விடை தப்பு என்பது மட்டும்தான் தெரியும். எங்கே தப்பு என்பது தெரியாது. அப்போது பெரும்பாலும் வேறொரு எண்ணுக்குத் தாவுவார்கள். இந்தக் கணக்கில் அவள் தாவ வாய்ப்புள்ள எண் 60. "முப்பது எடுத்ததும் பாதி ஆயிருச்சுல்லக்கா, அப்ப முழுசு அறுபது." கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். பழைய விதியை அவள் விட்டுவிட்டாள், தண்ணீரைப் பற்றியே யோசிக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் தொட்டி முதலில் நிறைந்திருக்கவில்லை என்பதை மறந்துவிட்டாள். அவசரப்படும் டீச்சருக்கு 30-உம் தப்பு, 60-உம் தப்பு. செண்பகத்துக்கு அந்த இரண்டு தப்புக்கும் நடுவில் உள்ள தூரம் தெரிய வேண்டும். கதையில் யாராவது மகிழ வேண்டும் என்றால், சரியான விடைக்கு முன்னால் இந்த 60 வந்த இடத்தில் செண்பகம் மகிழட்டும். அதை அவர் கோமதியிடம் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

அங்கே அவர் கேட்கக்கூடியது ஒன்றுதான்: "கேள்விய இன்னொரு தடவ சத்தமா வாசிச்சு அனுப்பு." கோமதி வாசிக்கிறாள். "3/4 பங்கு" என்ற இடத்தில் அவள் குரல் தடுக்கும். அதன் பிறகு, "தொட்டிய வரஞ்சு, மொதல்ல தண்ணி எதுவர இருந்துச்சு, கடைசில எதுவர இருந்துச்சுன்னு ரெண்டு கோடு போட்டு அனுப்பு." வரைய வேண்டியது தொட்டி மட்டுமே, எத்தனை கட்டம் என்று அவர் சொல்லவில்லை. நாலாகப் பிரி என்று சொன்னால் அது அவருடைய படம் ஆகிவிடும்.

அடுத்து வருகிற படத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, உங்கள் கதைக்கு அது பெரிய வரம். நாலு பங்காகப் பிரிக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் நாலு கோடு போடுவார்கள். செவ்வகத்துக்குள் குறுக்கே நாலு கோடு போட்டால் பங்கு ஐந்து ஆகும். அடியிலிருந்து மூன்றாவது கோட்டில் 3/4 என்று எழுதியிருப்பாள்; பாதி என்பதை மட்டும் கண்ணளவில் சரியாக நடுவில் போட்டிருப்பாள், அது இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் இடையில் அந்தரத்தில் நிற்கும். படத்தைப் பார்த்ததும் செண்பகத்துக்கு விஷயம் தெரிந்துவிடும். "எத்தன பங்குன்னு எண்ணிப் பாரு" என்பதைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. எண்ணுவதற்குப் பின்னம் தெரிய வேண்டாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து வரை எண்ணத் தெரியும். அவளே ஒரு கோட்டை அழித்துவிட்டுத் திரும்ப வரைவாள். இந்த முறை மூன்று கோடு, நாலு பங்கு. பாதிக்கான கோட்டைப் போடப் போகும்போது அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும்.

கணக்கு உண்மையில் அவிழ்வது அந்த இடத்தில்தான். மூன்றாம் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்குத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இறங்கியது ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு 30 லிட்டர். நாலு பங்கு 120. விடையை எழுதிய பிறகு அவளே சரிபார்க்கட்டும், முதலில் செண்பகம் கேட்ட அதே மூன்று கேள்விகளால். பாதி 60, எடுத்தது 30, திரும்ப ஊற்றினால் 90. படத்தில் மூன்று பங்கு எவ்வளவு? அதுவும் 90. விடை சரிதானா என்று செண்பகத்திடம் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. உங்கள் இப்போதைய பிரதியில் "வெரி குட்" என்று செண்பகம் அனுப்பும் ஸ்டிக்கரை எடுத்துவிடலாம்.

ஆனால் கதையை அங்கே முடித்துவிடாதீர்கள். நோட்டின் மேல்வரியில் 3/4 − 1/2 = 1 என்பது இன்னும் அப்படியே இருக்கிறது. படம் வரைந்து விடை கண்டுபிடித்த பிள்ளை, மறுநாள் படம் இல்லாத கணக்கில் பழைய விதிக்கே திரும்பிவிடும். இரண்டும் அவள் தலையில் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. செண்பகம் அந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டும். "மேல ஒன்னுன்னு எழுதியிருக்க, படத்துல கால்னு வருது. ரெண்டும் ஒரே கழித்தல்தான. எத நம்பலாம்?" கோமதி படத்தைத்தான் நம்புவாள், அதில் தண்ணீர் இருக்கிறது. அப்போதுதான் பாதி என்பது இந்தத் தொட்டியில் 2/4 என்று அவளுக்குத் தெரியவரும். வேற்றினப் பின்னம், மீச்சிறு பொது மடங்கு என்ற சொற்களை ஆறாம் வகுப்பில் அவள் மனப்பாடம் செய்திருப்பாள். செண்பகம் அவற்றை இன்றிரவு உச்சரிக்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு பெரிய விஷயம், இதற்கெல்லாம் செண்பகம் கொடுக்கும் விலை. ஒரு கணக்குக்கு இவ்வளவு நேரம் போனால், தூக்கம் வருவதற்குள் இரண்டு கணக்குக்கு மேல் முடியாது. ஒர்க்‌ஷீட்டில் எட்டு இருக்கிறது. சிறு நகரங்களில் டியூஷன் நடப்பது பெற்றோரின் நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையை அவர்கள் அளப்பது நிரம்பிய நோட்டை வைத்துத்தான். மாதக் கட்டணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் அம்மாவுக்கு, எட்டில் ஆறு காலியாக இருக்கிற தாளில் பெற்றோர் கையெழுத்துப் போடச் சொன்னால் எரிச்சல் வராமல் இருக்குமா? "டியூஷனுக்கு எதுக்குக்கா அனுப்புதேன், வீட்டுப்பாடம்கூட முடியல" என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. தெருவில் இன்னொரு டீச்சர் எல்லா விடையையும் போர்டில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைப் பார்த்து எழுதவைத்து, அரை மணியில் அனுப்பிவிடுகிறார் என்பதும் செண்பகத்துக்குத் தெரியும். விடையைச் சொல்லிவிடலாம் என்ற ஆசை அவருக்குப் பொறுமை இல்லாததால் வருவதில்லை, பிழைப்பிலிருந்து வருகிறது. உங்கள் செண்பகத்துக்கு அந்த ஆசை ஒரு கணமும் வரவே இல்லை. டீச்சரைத் தியாகச் சுடராக்கி நாற்காலியில் உட்கார்த்துகிற வழக்கம் நம் கதைகளில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இதற்கு அவர் என்ன செய்வார் என்று கேட்டால், நடைமுறை தெரிந்த டீச்சர் எட்டையும் வரிசையாகத் தொடங்க மாட்டார். முதல் படம் வந்ததுமே எட்டையும் வாசித்து, ஒரே மாதிரியானவை எவை என்று பார்ப்பார். 3/4-உம் 1/2-உம் வருகிற நான்காவதை எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை. அதில் ஒரு கோடு இன்னொரு கோட்டின் மேலேயே விழுகிறது, அதனால் எளிது. அதைப் போட்டவளால் அடுத்ததையும் போட முடிகிறதா என்று பார்க்க ஐந்தாவது இருக்கிறது: "ஒரு காரின் டேங்கில் 2/3 பங்கு பெட்ரோல் இருந்தது. 5 லிட்டர் செலவான பின் 1/2 பங்கு இருந்தது. டேங்கின் கொள்ளளவு என்ன?" மூன்று பங்காகப் பிரித்து வரைந்தால் பாதிக்கான கோடு எந்தக் கோட்டின் மேலும் விழாது, நடுப்பங்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மிச்சம் இருப்பது ஒரு பங்கும் இல்லை, இரண்டு பங்கும் இல்லை. எல்லாப் பங்குகளையும் பாதியாகப் பிரித்து ஆறாக்கினால்தான் எண்ண முடியும்; அப்போது இறங்கியது ஆறில் ஒன்று, டேங்க் 30 லிட்டர். பகுதிகளை ஏன் சமமாக்குகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் பாடப்புத்தகத்திலும் கிடையாது. இதில் செண்பகம் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. சொல்லத் தேவைப்பட்டால் நான்காவது கணக்கில் கோமதி கற்றது அந்தத் தொட்டியோடு நின்றுவிட்டது என்று பொருள், அதுவும் நடக்கக்கூடியதே.

அம்மாவை எப்படிக் கையாள்வது என்பதற்கும் ஒரு யோசனை. அவரிடம் கல்வித் தத்துவம் பேச வேண்டாம். கோமதி முதலில் எழுதிய விடையை மட்டும் செண்பகம் அவரிடம் சொல்லட்டும்: முப்பது லிட்டர் தொட்டி, முப்பது லிட்டர் எடுத்தாச்சு, இன்னும் பாதி மிச்சம் இருக்காம். குழாயில் தண்ணீர் வரும் நாளில் டிரம்மையும் குடத்தையும் நிரப்பி வைத்து, அடுத்த முறை வரும்வரை அளந்து புழங்கும் பெண் அவர். அந்தக் கணக்கில் உள்ள கோளாறு அவருக்கு நொடியில் தெரியும், படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தாலும். அதற்காக அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று எழுதிவிடாதீர்கள். சிரித்துவிட்டு, "மிச்சம் ஆறையும் நாளைக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்வதுதான் இயல்பு.

முடிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். இப்போது கோமதி எட்டையும் முடித்து, வகுப்பில் கை தட்டல் வாங்குகிறாள். அந்தக் கடைசிப் பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். கதையை ஐந்தாவது கணக்கின் படத்தோடு நிறுத்தலாம்: மூன்று பங்காகப் பிரித்த டேங்க், நடுப்பங்கின் குறுக்கே பாதிக்கான கோடு, மேல் பங்கையும் கீழ்ப் பங்கையும் வெட்டத் தொடங்கிய இரண்டு சிறு கோடுகள், விடை இன்னும் எழுதப்படவில்லை. டேங்க் 30 லிட்டர் என்ற விடையைக் கதையில் எங்குமே அச்சிட வேண்டாம்; போட்டுப் பார்க்க விரும்பும் வாசகர் போட்டுக்கொள்வார். திருத்திய பிரதியை அனுப்பும்போது கோமதியின் நோட்டுப் பக்கங்களை நீங்களே ஒரு தாளில் பென்சிலால் எழுதி, அவள் போட்டபடியே தப்போடு போட்டு, படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். கதையில் எந்த வரி அந்தத் தாளோடு பொருந்தவில்லையோ, அந்த வரியைத்தான் முதலில் திருத்த வேண்டியிருக்கும்.